சிவனேஸ்வரி எழுதாமல் விட்டது

ஒன்பது வருடம் நான் இருந்த கதிரையில் சிவனேஸ்வரி வந்து இருந்த நாளில் இருந்து எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதுவதில் நல்லது ஏதும் வந்தால் அது கஷ்டப்பட்டு வந்தது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கதிரை என்றால், குளத்துத் தண்ணியில் வயல் செய்யும் நாங்கள் சேர்ந்த கொக்கட்டிக்குளம் கமக்காரர் அமைப்பின் செயலாளர் கதிரை. சம்பளம் இல்லை. கூட்டறிக்கைப் புத்தகம் வீட்டில் இருக்கும், முத்திரைக்கட்டை அலுமாரியில் இருக்கும், துணுக்காய்க் கமநல சேவை நிலையத்துக்குப் போனால் "செயலாளர் வந்திருக்கிறார்" என்று ஒருவர் கதிரை இழுத்துப் போடுவார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குப் பெரிசாக இருந்தது.

சிவனேஸ்வரியும் நானும் மல்லாவியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் ஒரு வருடம் மூத்தவன், ஏழாம் வகுப்பை இரண்டு தரம் படித்ததால் ஒரே வகுப்பானோம். அதனால் இன்றுவரை அவர் என்னை அண்ணை என்பார். எட்டாம் வகுப்போடு நான் வயலுக்கு இறங்கிவிட்டேன். அவர் சாதாரணதரம் வரை போனார். பிறகு கலியாணம், இரண்டு பெண்பிள்ளைகள், இடப்பெயர்வு. முகாமில் இருந்த காலத்தில் நிவாரணப் பட்டியல் எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. காலையில் இருந்து பின்னேரம் வரை பெயர், குடும்ப எண்ணிக்கை, கூடார இலக்கம். ஒரு பெயர் விடுபட்டால் அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு அரிசி இல்லை. இல்லாத பெயர் ஒன்று ஏறினால் வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இல்லை. அதிலேதான் இந்த மனுசி எழுத்தில் இவ்வளவு பிடிவாதம் பழகியிருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் தையல் மெசின் ஒன்று போட்டு பள்ளிச் சீருடை தைக்கத் தொடங்கினார். புருஷன் வவுனியாவில் மேசன் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு போவார். ஒன்றரை ஏக்கர் வயலை இவரே பார்த்தார்.

போன பொதுக்கூட்டத்தில் கைதூக்கிச் செயலாளரைத் தெரிவுசெய்தபோது அவருக்கு இருபத்தொரு கை. எனக்கு எட்டு. என் பெண்சாதி கமலாட்சி எனக்குத்தான் கை தூக்கினாள், ஆனால் பாதிதான் தூக்கினாள்.

"நீங்கள் எழுதினதை நீங்களே திருப்பி வாசிக்க மாட்டியள். அந்தப் பிள்ளை எழுதினால் நாங்கள் எல்லாரும் வாசிப்பம்" என்றாள் வீட்டுக்கு வந்து.

நான் எழுதும் அறிக்கை இப்படி இருக்கும்: கூட்டம் நடந்தது, வாய்க்கால் பற்றிக் கதைக்கப்பட்டது, ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏகமனதாக இல்லாத நாளிலும் அப்படித்தான் எழுதினேன். சண்டையைப் புத்தகத்தில் ஏற்றி என்ன பிரயோசனம்? சிவனேஸ்வரி வந்ததும் யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது, எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர் என்று பக்கம் பக்கமாக வந்தது. கமநல உத்தியோகத்தர் புத்தகத்தைப் பிரட்டிப் பார்த்து, "இப்பதான் இது அறிக்கைப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றாராம். அதை எனக்கு நாலு பேர் வந்து சொன்னார்கள். நாலு பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை.

மார்கழி மழையில், வெள்ளம் மேலால் ஓடும் எங்கள் தாம்போதிப் பாதை உடைந்தது. குளத்து மேல்பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வர வழியில்லை. மேல்வாய்க்காலும் உடைந்தது, கீழ்வாய்க்காலும் உடைந்தது. கமநல நிலையத்தால் இரண்டு நாளைக்கு மண் அள்ளும் பெக்கோ மெசின் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். முதலில் எந்த வாய்க்கால் என்று அமைப்புத் தீர்மானம் எடுத்து, கூட்டறிக்கையின் பிரதியோடு கடிதம் தர வேண்டும். கூடிக் கதைக்க முடியாததால் சூமில் கூட்டம் வைப்போம் என்றார் தலைவர் மஹ்றூப் நானா. அவருக்கு மல்லாவியில் உரக்கடை, எங்கள் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர். ஒரு தொண்டு நிறுவனம் தன்னுடைய சூம் கணக்கை ஒரு பின்னேரத்துக்கு இரவல் தந்தது.

மேல்பக்கத்தார் வீடுகளில் போனோடு இருந்தார்கள். கீழ்ப்பக்கத்தில் பாதிப்பேரிடம் அப்படிப்பட்ட போன் இல்லை. அதனால் சிவனேஸ்வரியையும் சேர்த்து நாங்கள் பதினொரு பேர் பொதுநோக்கு மண்டபத்தில் அவரின் மகளுடைய மடிக்கணினிக்கு முன்னால் இருந்தோம். அதிலே இருந்துதான் சிவனேஸ்வரி கூட்டத்தை நடத்தினார். நான் மட்டும் பின்வாங்கில் என் போனிலும் தனியாக இணைந்தேன். எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா? இணைந்த உடனே மண்டபம் முழுக்கக் கீச்சென்று ஒரு சத்தம்.

"பரமலிங்கண்ணை, உங்கட போனில சத்தத்தை நிப்பாட்டுங்கோ. ரெண்டும் பக்கத்தில இருந்தால் இப்படித்தான் கத்தும்."

ஒன்பது பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மூக்கு வரை ஏறியது. உடனே மஹ்றூப் நானாவுக்குத் தனிச்செய்தியாக ஒன்று தட்டி அனுப்பினேன். என்ன என்று பிறகு சொல்கிறேன்.

திரையின் பக்கத்தில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. வணக்கம். ஸலாம். சத்தம் கேக்கேல்லை. நானா உங்கட கடையில கோழி கத்துது. உழுந்து விதை ஆரிட்டயும் இருக்கோ? இதற்கிடையில் மேல்பக்கத்துத் திலீபன் தங்கள் வாய்க்கால் நாற்பது அடிக்கு உடைந்திருக்கிறது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று எழுதினான். கீழ்வாய்க்காலுக்கு ஆதரவாக நாலைந்து பேர் எழுதினார்கள்.

மஹ்றூப் நானாவுக்கு ஆரோ சொல்லியிருக்கிறார்கள், சூமில் வாக்குப் போடும் பெட்டி ஒன்று இருக்கிறதென்று. "அதைப் போடு பிள்ளை, கெதியா முடியும்" என்றார். சிவனேஸ்வரி போட்டார். நான் என் போனில் அமத்தினேன். மண்டபத்தில் இருந்த மற்றப் பத்துப் பேருக்கும் அமத்த ஒன்றும் இல்லை. கூட்டத்தை நடத்தும் மடிக்கணினியில் அந்த வாக்கு வராது. வந்தாலும் ஒன்றுதான். திரையில் முடிவு வந்தது: மேல்வாய்க்கால் பதினொன்று, கீழ்வாய்க்கால் ஏழு.

மேல்பக்கத்தார் கைதட்டும் படங்களாக அனுப்பினார்கள். மண்டபத்தில் ஒரே சத்தம்.

"எங்களை எண்ணேல்லையே!" என்று எழும்பினார் கிழவர் ஒருவர். "நாங்கள் என்ன குளத்தில மிதக்கிற ஆக்களே?"

சிவனேஸ்வரி கையை உயர்த்தினார். "நானா, இதைத் தீர்மானமா எடுக்கேலாது. மண்டபத்தில பத்துப் பேர் போடேல்லை. திலீபன்ர வீட்டில ரெண்டு போன் இருக்கு, அங்கத்தவர் திலீபன் மட்டும்தான். விதுசன் வவுனியாவில இருந்து தேப்பன்ர லிங்கில தானும் போட்டிருக்கிறான். அவன் அங்கத்தவன் இல்லை. நான் அங்கத்தவர் இடாப்பைக் கூப்பிடட்டே?"

"கூப்பிடு" என்றார் நானா.

கூப்பிட்டார். ஒவ்வொரு பெயராக. கீழ்ப்பக்கத்து யதுர்ஷிகாவின் போனில் குரல் வரவில்லை. "என்ர வாக்கு கீழ்வாய்க்கால்" என்று எல்லாருக்கும் தெரியத்தக்கதாக எழுதினாள், நானா அதைச் சத்தமாக வாசித்த பிறகுதான் சிவனேஸ்வரி குறித்தார். கீழ்வாய்க்கால் பதினாலு, மேல்வாய்க்கால் பன்னிரண்டு. தலைவர் வாக்குப் போடவில்லை. கூட்டத்தை மூட முன் சிவனேஸ்வரி எழுத்துகள் எல்லாவற்றையும் கோப்பாகச் சேமித்துக்கொண்டார். மூடினால் அது போய்விடுமாம்.

என் வயல் கீழ்வாய்க்காலில். இதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று நாளில் கூட்டறிக்கை வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. மூன்று பக்கம். தலைவர் வாசித்த யதுர்ஷிகாவின் வாக்கு இருந்தது. திலீபன் எழுதிய நாற்பது அடி இருந்தது. மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்கும் சொன்ன காரணங்கள் இருந்தன. ஸலாமும் கோழியும் உழுந்தும் இல்லை. பெயர் பெயராக வாக்கு இருந்தது. பதினொன்றுக்கு ஏழு என்பது எங்குமே இல்லை.

அன்று பின்னேரமே திலீபன் குழுவில் ஒரு படம் போட்டான். வாக்குப் பெட்டி முடிவை அவன் அந்த நேரமே போனில் படம் பிடித்து வைத்திருந்தான். கீழே எழுதினான்: "இது நடக்கவே இல்லையா? மறைச்ச செயலாளர் விலகோணும்." கமநல நிலையத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினான். உத்தியோகத்தர், "முதல்ல அறிக்கையைக் கூட்டத்தில ஏற்றுக்கொண்டு வாங்கோ. பிறகு மெசினைப் பாப்பம்" என்று திருப்பி அனுப்பினார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடத் தோன்றியது.

இரவோடிரவாக இல்லை, அடுத்த நாள் மத்தியானம் கடிதம் எழுதினேன். கூட்டத்தில் திரையில் ஓடிய சாட் முழுவதையும், ஒரு சொல்லும் விடாமல், அறிக்கையோடு இணைக்க வேண்டும். செயலாளர் தனக்கு விருப்பமானதைப் போட்டு விருப்பமில்லாததை வெட்டுகிறார். புதுச் செயலாளரைத் தெரிவுசெய்ய வேண்டும். கீழே என் கையெழுத்து. கொண்டுபோய் மஹ்றூப் நானாவின் கடையில் கொடுத்தேன்.

அவர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பரமு, தண்ணி உம்மட வயலுக்குத்தானே வரப்போகுது?"

"ஓம்."

"பிறகு என்னத்துக்கு இந்த வேலை?"

"நியாயம் நானா."

"நியாயமோ, பொறாமையோ?"

"உரம் விக்கிற ஆள் உரத்தை வில்லுங்கோ."

அவர் சிரித்தார். கடிதத்தை மேசை லாச்சியில் போட்டார். "கூட்டத்தில எடுப்பம். அதுக்கு முதல் போய் அந்தச் சாட்டைப் பாரும். பாக்காமல் இணைக்கச் சொல்லிறீர்."

அது சரிதான் என்று பட்டது. சிவனேஸ்வரி என்னென்ன வெட்டினார் என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு போனால் கூட்டத்தில் உதறலாம். அடுத்த நாள் காலை சிவனேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். முன்பக்கத்தில் மெசினுக்கு முன்னால் இருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன.

"சாட்டைப் பாக்கோணும்" என்றேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"பாருங்கோ அண்ணை. அங்கத்தவருக்கு உரிமை இருக்கு." எழும்பி மடிக்கணினியைத் திறந்து கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு கணம் யோசித்தார். "நான் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன். நீங்கள் ஆறுதலா வாசியுங்கோ."

வாசித்தேன். நேரம், பெயர், சொன்னது. நேரம், பெயர், சொன்னது. ஏழாவது வரியில் என் பெயர். எனக்கு என் பெயரை அச்சில் பார்க்க எப்போதும் விருப்பம். பரமலிங்கத்தில் இருந்து செயலாளருக்கு, தனிச்செய்தி என்று குறியிட்டிருந்தது. அதன் கீழே:

"நானா இந்த மனுசிக்கு மெசின் மிதிக்கத்தான் தெரியும். கூட்டம் நடத்த விட்டால் எங்களை ஊர் சிரிக்கும்."

சூமில் தலைவரின் பெயர் "கொக்கட்டிக்குளம் கமக்காரர் அமைப்பு தலைவர்". செயலாளரின் பெயர் "கொக்கட்டிக்குளம் கமக்காரர் அமைப்பு செயலாளர்". என் போனின் சின்னத் திரையில் இரண்டும் கொக்கட்டிக்குளம் கமக்காரர் வரைதான் தெரியும். நான் மேலே இருந்ததை அமத்தினேன். அது அவர்.

மண்டபத்தில் மற்றவர்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் செய்தி வந்த நேரம் அவர் திரையைப் பார்த்தார், தண்ணீர் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார், பிறகு அடுத்த விடயத்துக்குப் போனார். நான் அதைப் பார்த்தேன். தாகம் என்று நினைத்தேன்.

தேத்தண்ணியோடு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இதையும் சேர்த்து இணைக்கப் போறீரோ?" என்றேன்.

"எதை?"

"எதை எண்டு தெரியாதமாதிரி நடிக்காதையும்."

"அண்ணை, அது கூட்டத்துக்கு வரேல்லை. எனக்கு வந்தது. கூட்டம் காணாததைக் கூட்டறிக்கையில போடேலாது. அது ஏச்செண்டாலும் ஒண்டுதான், புகழ்ச்சியெண்டாலும் ஒண்டுதான்." கோப்பையை என் முன்னால் வைத்தார். "இன்னும் ரெண்டு பேர் எனக்குத் தனியா எழுதினவை. ஒருத்தர் தன்ர வாக்கை எனக்கு மட்டும் எழுதினவர். எல்லாருக்கும் சொல்லுங்கோ எண்டு திருப்பி எழுதினன். அதுக்குப் பிறகுதான் வாயைத் திறந்தவர். அதையும் போடேல்லை."

"சாட் முழுக்க இணைக்கோணும் எண்டு கூட்டம் தீர்மானிச்சால்?"

"எல்லாருக்கும் வந்ததை இணைப்பன். தனியா வந்ததை நான் எடுத்திட்டுத்தான் இணைப்பன். அதுக்கு நான் விலகோணுமெண்டால் விலகிறன்." மெசினின் தட்டில் கால் வைத்தார். "ஆனால் கோழியும் உழுந்தும் அந்தப் புத்தகத்தில கிடந்தால், பத்து வருசத்தால வாசிக்கிறவன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"அப்ப பதினொண்டுக்கு ஏழு? அதை எல்லாரும்தானே கண்டவை?"

மெசின் நின்றது. அவர் யோசித்தார். "அது தீர்மானம் இல்லைத்தானே" என்றார் கடைசியில். அவ்வளவு உறுதியாக இல்லை. தேத்தண்ணி நல்ல சாயம். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்று விளங்கியது. அவர் பிழைவிட்ட இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு முழுதாகத் தெரியவில்லை. திலீபனுக்கும் தெரியவில்லை, அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். அந்த முடிவை அறிக்கையில் தீர்மானமாகப் போடக் கூடாது. ஆனால் நடக்காததுபோல் விடவும் கூடாது. எல்லாரும் திரையில் கண்டதை மறைத்தால் மற்றதையும் மறைத்திருப்பார் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு வரியில் தீரும் விடயம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், திலீபன் கத்துவான், மேல்பக்கம் சேர்ந்து கத்தும், கதிரை காலியாகும்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம். தாம்போதிக்கு மண்மூட்டை போட்டிருந்ததால் எல்லாரும் நேரிலேயே வந்தார்கள். முப்பத்தொரு பேர். சிவனேஸ்வரி அறிக்கையை வாசித்தார். குரல் தடுமாறவில்லை. புருஷன் வவுனியாவுக்குப் போகாமல் நின்று மண்டப வாசலில் இருந்தார்.

திலீபன் எழும்பினான். போனை உயர்த்திப் பிடித்தான். "இது எங்க? பதினொண்டுக்கு ஏழு எங்க? களவு மூடின அறிக்கையை நாங்கள் ஏற்கமாட்டம். செயலாளர் இப்பவே விலகோணும்."

"விலகட்டும்!" என்று இரண்டு மூன்று குரல்.

"சிலோன் முழுக்க வாக்கு எண்ணின மனுசன் மாதிரிக் கதைக்கிறாய். உன்ர மனுசியும் போட்டவாதானே?" என்றார் குளத்தில் மிதக்காத அந்தக் கிழவர்.

மண்டபம் இரண்டாக நின்றது. மஹ்றூப் நானா மேசையில் தட்டினார். "பரமலிங்கம் ஒரு கடிதம் தந்திருக்கிறார். பரமு, நீர் கதையும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிவனேஸ்வரியும் பார்த்தார். கெஞ்சவில்லை. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுதத் தயாராக இருந்தார். அதைக் கண்டதும் எனக்கு இன்னும் எரிந்தது. விழப்போகிற நேரத்திலும் எழுதத் தயாராக இருக்கும் ஆளை நான் எப்படி வெல்வது? நான் சும்மா இருந்தால் அவரைத் தள்ளினது திலீபனாக இருக்கும், அந்த இரண்டு வரியைக் கண்டுபிடித்தவன் நான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"கடிதத்தில முதலாவது விசயத்தை விடுறன்" என்றேன். "சாட் முழுக்க இணைக்கத் தேவையில்லை. கூட்டத்துக்குச் சொன்னதைப் போட்டால் காணும்."

"பிறகு?"

"ஆனால் வாக்குப் பெட்டியை விட்டது பிழை. போட்டது போட்டதுதான். எல்லாரும் கண்டது." திலீபன் தலையாட்டினான். நான் அவன் பக்கம் திரும்பினேன். "நீ ஆட்டாதை, நான் முடிக்கேல்லை. அது தீர்மானமில்லை எண்டதையும் அதிலயே எழுதோணும். பதினெட்டுப் போனில இருந்து வந்தது, மேலுக்குப் பதினொண்டு, கீழுக்கு ஏழு. அதில ரெண்டு, அங்கத்தவர் அல்லாதவை போட்டது. மண்டபத்தில இருந்த பத்துப் பேரால போடேலாமல் போச்சு. அதனால தலைவர் இடாப்பைக் கூப்பிடச் சொன்னவர். இதை எழுதினால் படமும் பொய்யில்லை, தீர்மானமும் பொய்யில்லை."

திலீபன் போனைப் பார்த்தான், பிறகு பையில் போட்டான். "அப்பிடி எழுதினால்... எழுதினால் எனக்கு ஒண்டும் இல்லை. ஆனால் எங்கட பன்னிரண்டு பேரும் எதிர்த்தவை எண்டது இருக்கோணும்."

"பெயர் பெயராக் கிடக்கு, வாசி" என்றார் நானா.

சிவனேஸ்வரி எழும்பினார். "பரமலிங்கண்ணை சொன்னது சரி. அதை நான் விட்டது பிழை. தீர்மானமில்லாததை எழுதினால் குழப்பம் வருமெண்டு நினைச்சன். எழுதாமல்தான் குழப்பம் வந்தது. திருத்தமாப் போடுறன்." என்னைப் பார்த்தார். "முன்மொழியிறது நீங்கள் எண்டு எழுதட்டே?"

"வேற ஆர்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

யதுர்ஷிகா வழிமொழிந்தாள். அவர் அங்கேயே எழுதி வாசித்தார். நான் மூச்சு விடாமல் சொன்னதை அவர் நாலு வசனத்தில் அடக்கியிருந்தார். ஒன்றும் கூட இல்லை, ஒன்றும் குறைய இல்லை. என் முழுப்பெயரும் தலைப்பெழுத்தோடு இருந்தது. என்னால் அப்படி எழுத முடியாது. ஒன்பது வருடம் இன்னும் கிடைத்திருந்தாலும் முடியாது.

"கடிதத்தில மற்றது?" என்றார் மஹ்றூப் நானா. "புதுச் செயலாளர்?"

கமலாட்சி முன்வரிசையில் இருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"மெசின் வரட்டும் முதல்ல" என்றேன். "அதை இப்ப எடுக்கத் தேவையில்லை."

"வாபஸ் எண்டு எழுதட்டே, நிலுவை எண்டு எழுதட்டே?" என்று கேட்டார் சிவனேஸ்வரி. பகிடிக்கு இல்லை. உண்மையாகவே எது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"வாபஸ்" என்றேன்.

எழுதினார். பிறகு திருத்தத்தோடு அறிக்கையை ஏற்பவர்கள் கையை உயர்த்தும்படி நானா கேட்டார். கைகள் எழும்பின. சிவனேஸ்வரி பின்வரிசையில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தார். என் வரிசைக்கு வந்தபோது என் கை இன்னும் மடியில் கிடந்தது. எனக்காக நிற்கவும் இல்லை, தாண்டி ஓடவும் இல்லை, மற்றவர்களை எண்ணிய அதே வேகத்தில்தான் வந்தார். அவர் என்னிடம் வர ஒரு ஆள் இருக்கும்போது கையை உயர்த்தினேன். முழுதாக.

"இருபத்தாறு" என்றார், எழுதினார்.